காய்ச்சல் ராத்திரியில் போர்வையைப் போடுவதா, எடுப்பதா?

பாலக்கோட்டான் (செவ்வாய், காலை 10.20)

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மனைவிக்கு 34 வயது. ஞாயிறு மதியம் உடம்பு வலி, தொண்டை வலி என்று படுத்தாள், சாயங்காலம் காய்ச்சல் ஏறிவிட்டது. நேற்று டாக்டரிடம் காட்டினோம். ஃப்ளூ மாதிரிதான் இருக்கிறது, பாராசிட்டமால் 650 கொடுங்கள், ரெஸ்ட் எடுக்கட்டும், மூன்று நாளில் விடவில்லை என்றால் வாருங்கள் என்றார்.

பிரச்சினை ராத்திரிதான். நேற்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். 8 மணிக்கு நடுக்கம் எடுத்தது, பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பார்த்தால் 102.6. எட்டரைக்கு மாத்திரை கொடுத்து, இரண்டு போர்வை, அதற்கு மேல் அம்மாவின் கம்பளி போட்டு, ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தினேன். பத்தே காலுக்குத் தூங்கிவிட்டாள். 1 மணிக்கு எழுந்து மறுபடி குளிருது என்றாள். திரும்பவும் கம்பளியை இழுத்துப் போர்த்தினேன். அரை மணி நேரத்தில் மூச்சு முட்டுது, எடு எடு என்று எல்லாவற்றையும் உதைத்துத் தள்ளினாள். அப்புறம் தூக்கமே இல்லை. 4 மணிக்குத் தொண்டை கத்தியால் கீறுவது போல, எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை என்று அழுதாள். ஆறு மணிக்கு மேல்தான் கண் அசந்தாள்.

கார்த்திகைக் குளிர் வேறு. அம்மா போர்த்து என்கிறார், தங்கச்சி போர்த்தாதே என்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை தோட்டம் (செவ்வாய், காலை 11.05)

அம்மா சொல்வதுதான் சரி. நன்றாகப் போர்த்தி வேர்க்க விடுங்கள். வேர்வை வந்தால் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். எங்கள் வீட்டில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம் ஒரு டம்ளர் குடிக்கவைத்து, தலையோடு கம்பளியைப் போர்த்திவிடுவோம். ரெண்டு மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும், உடம்பு சில்லென்று ஆகிவிடும். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம்.

ஓசூர் சி ஷிப்ட் (செவ்வாய், மதியம் 1.30)

எனக்கும் இதே தொந்தரவுதான். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் படுத்தால் தூக்கம் வராது, புரண்டு புரண்டு படுப்பேன். போன வாரம் தொண்டை வலியும் சேர்ந்துகொண்டது. கூட வேலை செய்பவர் ஒரு தூக்க மாத்திரை பாதி கொடுத்தார், நன்றாகத் தூங்கினேன். அண்ணிக்கும் டாக்டரிடம் கேட்டு அதை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

அரூர் அக்கா (செவ்வாய், மதியம் 2.10)

ஓசூர் தம்பி, அவர் கேட்பது உங்கள் மாதிரி நேரம் மாறிய தூக்கத்தைப் பற்றி இல்லை. காய்ச்சலும் மூக்கடைப்பும் இருக்கும்போது தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மூச்சு மந்தமானாலோ நோய் முற்றினாலோ மயக்கத்தில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். இன்னொருவருக்கு எழுதிய மாத்திரையை நீங்களும் தொடாதீர்கள்.

பாலக்கோடு தம்பி, அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ராத்திரி டியூட்டி நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். 1 மணிக்குக் குளிருது என்று சொன்னபோது நைட்டி நனைந்திருந்ததா? அப்போது காய்ச்சல் எவ்வளவு? 650 தவிர வேறு என்ன மாத்திரை போகிறது? அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

பாலக்கோட்டான் (செவ்வாய், மதியம் 2.45)

அக்கா, 1 மணிக்குப் பார்க்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். ஆனால் முதுகுப் பக்கம் ஈரமாக இருந்தது, தலகாணி உறையும் நனைந்திருந்தது. மெடிக்கலில் சளிக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் மூன்று வேளை போகிறது. பின்பக்கம் பாராசிட்டமால் 500, பினைல்எப்ரின் 10, குளோர்பெனிரமின் 2 என்று போட்டிருக்கிறது.

அரூர் அக்கா (செவ்வாய், மாலை 3.40)

நினைத்தேன் தம்பி. முதலில் அந்தச் சளி மாத்திரையை நிறுத்துங்கள். அதற்குள்ளும் பாராசிட்டமால் 500 இருக்கிறது. 650 மூன்று வேளை, இது மூன்று வேளை என்றால் ஒரு நாளைக்கு 3450 மில்லிகிராம் போகிறது. பெரியவர்களுக்கு 4000தான் உச்சவரம்பு, சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும் மெலிந்த உடம்புக்கு அதைவிடக் குறைவாக நிறுத்துவது நல்லது. காய்ச்சல் விடவில்லையே என்று நீங்கள் இன்னொரு 650 போட்டிருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும், கல்லீரலுக்குத்தான் கேடு. பல நேரம் அது அன்றைக்கே வெளியே தெரியாது.

தூக்கத்துக்கும் அந்த மாத்திரை உதவாது. பினைல்எப்ரின் சிலருக்குப் படபடப்பைக் கொடுத்து விழிக்கவைக்கும். குளோர்பெனிரமின் தூக்கம் தரும், ஆனால் வாயையும் தொண்டையையும் உலர்த்திவிடும். 4 மணித் தொண்டை வலிக்கு இதுவும் ஒரு பங்கு.

இப்போது போர்வைக்கு வருகிறேன். காய்ச்சல் வந்தால் மூளைக்குள் இருக்கும் வெப்ப அளவுகோல் மேலே ஏறிவிடுகிறது. 98.6 போதும் என்று இருந்த உடம்பு 102.5 வேண்டும் என்கிறது. அந்த நேரத்தில் 100 இருந்தால்கூட அதற்குக் குளிர்தான். அதனால் கை கால் ரத்தக்குழாயை இறுக்கிச் சூட்டை உள்ளே வைத்துக்கொள்கிறது, நடுங்கியாவது சூட்டை உண்டாக்குகிறது. அப்போது நெற்றி கொதிக்கும், உள்ளங்காலைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். ஏற வேண்டிய அளவுக்கு ஏறியதும் நடுக்கம் நிற்கும், பாதம் சூடாகும், முகம் சிவக்கும். மாத்திரை வேலை செய்ததும், அல்லது தானாகவே, அளவுகோல் கீழே இறங்கும். இருக்கிற சூடு அதிகம் என்று உடம்பு வேர்வையாக வெளியே தள்ளும்.

ஒரே ராத்திரியில் இந்த மூன்று கட்டமும் வந்து போகும். மூன்றுக்கும் ஒரே போர்வை என்றால் எப்படித் தூங்குவது? வார்டில் நான் நெற்றியைத் தொடுவதற்கு முன் பாதத்தைத் தொடுவேன். பாதம் சில்லிட்டிருந்தால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, தாராளமாகப் போர்த்தலாம், சாக்ஸ் போடலாம். பாதம் சூடானதும் கம்பளியை எடுத்துவிட்டு ஒரே ஒரு பருத்திப் போர்வை, வேண்டாம் என்றால் அதுவும் இடுப்பு வரைக்கும். வேர்த்தால் துடைத்து, உடனே உலர்ந்த துணி மாற்ற வேண்டும்.

உங்கள் வீட்டில் 1 மணிக்கு நடந்தது நடுக்கக் காய்ச்சல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எட்டரை மாத்திரை வேலை செய்து, கம்பளிக்குள் வேர்த்து, நனைந்த நைட்டியோடு படுத்திருந்ததால் வந்த குளிர் அது. ஈரத்துக்கு மேல் மறுபடி கம்பளி போட்டீர்கள். அவள் உதைத்தது நியாயம்தான்.

ராயக்கோட்டை தோட்டம் (செவ்வாய், மாலை 4.15)

அப்படியானால் வேர்த்தால் காய்ச்சல் இறங்கும் என்பது பொய்யா அக்கா? கண்ணால் பார்த்திருக்கிறேனே.

அரூர் அக்கா (செவ்வாய், மாலை 4.50)

நீங்கள் பார்த்தது நிஜம்தான் தம்பி, வரிசைதான் மாறியிருக்கிறது. காய்ச்சல் இறங்குவதால் வேர்க்கிறது. போர்வை போட்டதால் இறங்கவில்லை. சூடு ஏறி முடிந்தபின் தலையோடு மூடினால் வெளியே போக வேண்டிய சூட்டை அடைத்துவைக்கிறோம். சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் அப்படி மூடவே கூடாது. ரசம் நல்லது, விடவேண்டாம். வேர்வையில் போன தண்ணீரும் உப்பும் கொஞ்சம் திரும்பும், தொண்டைக்கும் இதம்.

அதேபோல, நடுங்கிக்கொண்டிருக்கும்போது ஐஸ் தண்ணீர்த் துணி வைத்துத் துடைக்கிறார்கள் சிலர். உடம்பு இன்னும் அதிகமாக நடுங்கும். துடைப்பதாக இருந்தால் பாதம் சூடான பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில்.

காரிமங்கலம் வாத்தியார் (செவ்வாய், மாலை 6.30)

நல்ல விளக்கம். ஒரு சந்தேகம். காய்ச்சல் நாட்களில் நான் பகல் முழுக்கத் தூங்குவேன், 14 மணி நேரம்கூட. ஆனாலும் எழுந்தால் அடித்துப்போட்டது போலத்தான் இருக்கும். ராத்திரி மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

அரூர் அக்கா (செவ்வாய், இரவு 7.10)

வாத்தியாரே, கிருமியோடு சண்டை போட உடம்பு சுரக்கும் சில பொருள்களே தூக்கத்தையும் கொண்டுவருகின்றன. அதனால்தான் பகலிலும் கண் சொக்கும். ஆனால் அந்தத் தூக்கம் துண்டு துண்டாக இருக்கும். கனவு காணும் தூக்கம் குறைந்துபோகும். அந்த நேரத்தில் உடம்பால் நடுங்கவோ வேர்க்கவோ சரியாக முடியாது, காய்ச்சலில் அதற்கு இடம் கொடுக்காது என்று எங்கள் டாக்டர் ஒருவர் விளக்கியிருக்கிறார். ராத்திரி என்பதற்குக் காரணம் எளிது. காய்ச்சல் இல்லாதவருக்கே சாயங்காலம்தான் உடம்புச் சூடு அதிகம், விடியற்காலையில் குறைவு. காய்ச்சலும் அதன்மேல் ஏறி உட்காருகிறது. பகலில் தூக்கம் வந்தால் தூங்கவிடுங்கள், தடுக்காதீர்கள்.

பாலக்கோடு தம்பி, தொண்டையைப் பற்றிச் சொல்லவில்லையே. மூக்கு எப்படி இருக்கிறது?

பாலக்கோட்டான் (செவ்வாய், இரவு 7.25)

உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. படுத்ததும் ரெண்டு பக்கமும் அடைத்துக்கொள்கிறது. தலைக்கு ரெண்டு தலகாணி வைத்துத்தான் படுக்கவைக்கிறேன், கழுத்து வலிக்கிறது என்கிறாள்.

அரூர் அக்கா (செவ்வாய், இரவு 7.50)

அதுதான். 4 மணித் தொண்டை வலியில் பாதி மூக்கிலிருந்து வருகிறது. படுத்தால் மூக்குக்குள் ரத்தம் தேங்கி வீங்கும், வாய் வழியாக மூச்சு விடுவாள். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் குறைவு. புண்ணான தொண்டை மேல் ஆறு மணி நேரம் வறண்ட காற்று போனால் கத்தியாகத்தான் இருக்கும்.

ரெண்டு தலகாணி தலையை மட்டும் முன்னால் மடக்கும், முதுகு அப்படியே கிடக்கும். கழுத்து மடங்கினால் மூச்சும் சுகமாக வராது. பழைய ஜமுக்காளம் அல்லது மெத்தையை மடித்து, இடுப்புக்கு மேலிருந்து தலை வரை சரிவாக வருகிற மாதிரி வையுங்கள், அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய தலகாணி. கட்டில் என்றால் தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில் ஆடாமல் ஒவ்வொரு செங்கல் கொடுத்தாலும் போதும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைக்கும், மேல்பக்கம் திறக்கும். அதிகம் அடைத்திருக்கும் பக்கம் மேலே வரட்டும்.

படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து, மெடிக்கலில் சலைன் டிராப்ஸ் என்று கேளுங்கள், ஒவ்வொரு மூக்கிலும் விட்டுச் சிந்தச் சொல்லுங்கள். உடனே அடைப்பை எடுக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டும் இருக்கிறது. ராத்திரிக்கு மட்டும், மூன்று நான்கு நாள் வரைக்கும் சரி. அதற்கு மேல் போனால் சொட்டு விட்டால்தான் மூக்கு திறக்கும் என்கிற நிலை வந்துவிடும். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளிக்கலாம். 650ஐத் தூங்குவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு கொடுத்தால் தொண்டை வலிக்கும் அது வேலை செய்யும் நேரத்தில் தூக்கம் பிடிக்கும். தலைமாட்டில் ஃப்ளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். விழிக்கும்போதெல்லாம் ரெண்டு மடக்கு, அவ்வளவுதான்.

பென்னாகரம் ரோடு (செவ்வாய், இரவு 8.30)

ஆவி பிடிக்கவில்லையா? என் மாமியாருக்குக் கட்டிலிலேயே வைத்துப் பிடித்தோம், பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துவிட்டது. பிடிப்பதாக இருந்தால் தரையில் உட்காரவைத்து, பாத்திரத்தை அசையாமல் வைத்துச் செய்யுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் டாக்டர் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது மாத்திரை கொடு என்றார். நீங்களும் 2 மணிக்கு அலாரம் வையுங்கள்.

அரூர் அக்கா (செவ்வாய், இரவு 9.00)

இதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நன்றாகத் தூங்கும் பெரியவரை, மூச்சு சீராக இருந்து, கூப்பிட்டால் பதில் சொல்கிறார் என்றால் நான் எழுப்பமாட்டேன். மாத்திரை இதத்துக்குத்தான், நோயை விரட்ட இல்லை. விழித்தபோது வலி இருந்தால், முந்தின மாத்திரைக்கு 6 மணி நேரம் ஆகியிருந்தால் கொடுப்பேன். ஆனால் வலிப்பு, இதய நோய் என்று ஏதாவது காரணத்துக்காக டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பென்னாகரம் ரோடு (செவ்வாய், இரவு 9.20)

காரணம் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. இருந்தாலும் நான் எழுப்பித்தான் கொடுப்பேன். காய்ச்சல் ஏறவிட்டு வேடிக்கை பார்க்க மனசு வராது.

பாலக்கோட்டான் (புதன், காலை 8.40)

நேற்று ராத்திரியை எழுதிவைத்தேன்.

ஏழே முக்காலுக்கு நடுக்கம், 102.2. பாதம் சில்லென்றிருந்தது. சாக்ஸ் போட்டு, போர்வையும் கம்பளியும் போர்த்தினேன். 8 மணிக்கு 650. எட்டு நாற்பதுக்குப் பாதம் சூடாகிவிட்டது, முகம் சிவந்திருந்தது. கம்பளியை எடுத்து, சாக்ஸைக் கழற்றி, ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். அம்மா கோபித்துக்கொண்டார். சொட்டு விட்டு, கொப்பளித்து, சரிவில் படுக்கவைத்தேன். விரிப்பின் மேல் ஒரு துண்டு போட்டிருந்தேன். பத்தரைக்கு நன்றாக வேர்த்தது, துண்டையும் நைட்டியையும் மாற்றினேன். 1 மணி வாக்கில் அதே மாதிரி குளிருது என்றாள். இந்த முறை பார்த்தேன். 99.4, பாதம் சூடு, முதுகு ஈரம். கம்பளியைத் தொடவில்லை. வேறு நைட்டி, ரெண்டு மடக்கு வெந்நீர், பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். அலாரம் வைக்கவில்லை. நாலரைக்குத் தலைவலி என்று எழுந்தாள், 100.8. மாத்திரை கொடுத்தேன். தொண்டை வலி இருந்தது, ஆனால் அழவில்லை. ஏழரை வரைக்கும் தூக்கம்.

அக்கா, காலில் விழுந்து கும்பிடவேண்டும் போல இருக்கிறது.

ஊத்தங்கரை செல்வி (புதன், காலை 9.30)

அண்ணா, சந்தோஷமான நேரத்தில் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். போன வருஷம் என் தம்பிக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பகலெல்லாம் தூங்கினான், அலுப்பு தீரட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். சாயங்காலம் வயிற்றுவலி, ஓயாத வாந்தி. ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். அண்ணிக்கு ரத்தம் பார்த்தீர்களா?

அரூர் அக்கா (புதன், காலை 10.15)

செல்வி சொன்னது மிக முக்கியம். ஃப்ளூவும் டெங்குவும் முதல் ரெண்டு நாள் ஒரே மாதிரிதான் இருக்கும். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வரும், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். நல்ல தூக்கம் என்றால் கூப்பிட்டதும் கண் திறப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், எழுந்து சிறுநீர் கழிப்பார்கள், பிறகு தூங்குவார்கள். கூப்பிட்டாலும் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடப்பது, அல்லது படுக்க முடியாமல் தவிப்பது, வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை என்றால் தூக்கம் என்று விடக்கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள்.

பாதம் சில்லென்றால் போர்த்தலாம் என்று நான் சொன்னது காய்ச்சல் ஏறும்போது நடுங்குகிறவருக்கு. காய்ச்சல் விட்டபிறகு, உலர்ந்த துணியில் இருந்தும் கை கால் சில்லிட்டு, ஆள் சோர்ந்திருந்தால் அது வேறு கதை.

டெங்கு இல்லை என்று தெரியும்வரை உடம்பு வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். தொண்டையிலும் ஒன்று கவனியுங்கள். வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் வடிகிறது, குரல் அமுங்கிப் பேசுகிறாள் என்றால் சாதாரணத் தொண்டை வலி இல்லை, உடனே காட்ட வேண்டும்.

பாலக்கோட்டான் (புதன், மதியம் 12.50)

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம், சாயங்காலம் ரிசல்ட். கூப்பிட்டால் எழுந்து பேசுகிறாள், ராகிக் கூழ் அரை டம்ளர் குடித்தாள். அம்மா களி கிண்டட்டுமா என்று கேட்கிறார், தொண்டையில் இறங்குமா தெரியவில்லை.

ராயக்கோட்டை தோட்டம் (புதன், மதியம் 1.20)

களி வழுக்கிக்கொண்டு இறங்கும். கீரைக் குழம்பில் காரம் மட்டும் குறைத்துவிடுங்கள்.

பாலக்கோட்டான் (புதன், இரவு 8.15)

டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஆனால் இப்போது பையனுக்கு ஆரம்பித்துவிட்டது. ஆறு வயது, 100.8. அம்மாவோடுதான் படுப்பேன் என்று அடம். போன வருஷத்து சிரப் பாட்டில் ஒன்று இருக்கிறது, எவ்வளவு கொடுக்கட்டும்?

அரூர் அக்கா (புதன், இரவு 8.25)

பழைய பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் இருக்கும், 250 என்றும் இருக்கும், பாட்டிலைப் பார்க்காமல் ஒரு மூடி என்று ஊற்றாதீர்கள். வயசு கணக்கில்லை, எடைதான் கணக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரைக்கும். 18 கிலோ என்றால் 270 வரும், 250 பாட்டிலில் 5 மில்லி சரியாக இருக்கும். 120 பாட்டிலில் அதே 5 மில்லி பாதிகூட வராது. அவன் எடை எவ்வளவு?

பாலக்கோட்டான் (புதன், இரவு 8.32)

பள்ளிக்கூடத்தில் எடுத்தது ஜூனில். மெடிக்கலில் எடை மெஷின் இருக்கிறது, சாத்துவதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். பாதம் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது, சாக்ஸ் போட்டிருக்கிறேன்.